'பத்து வருஷ ஆபரேட்டருக்குப் புரிகிறது, புதுப் பையனுக்கு ஏன் புரியவில்லை?'

கேள்வி: திருப்பூர் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். எங்களிடம் காட்டன் நிட்டிங் துணிக்கு மூன்று பக்க எஸ்ஓபி இருக்கிறது. பழைய ஆபரேட்டர்கள் அதை வைத்தே ஓட்டுகிறார்கள். போன மாதம் சேர்ந்த பையன் இரண்டு லாட்டைக் கெடுத்துவிட்டான். கலர் மங்கி, இடையிடையே திட்டு. கேட்டால், "பேப்பரில் இருப்பதைத்தான் சார் செய்தேன்" என்கிறான். நான் நாலு முறை படித்துவிட்டேன், தப்பு எதுவும் தெரியவில்லை. முதலாளி எஸ்ஓபியைத் திருத்தச் சொல்கிறார். சந்தேகம் இருக்கும் வரி இதுதான்: "ப்ளீச்சிங் முடிந்ததும் ட்ரைன் செய்து, தண்ணீர் எடுத்து, ஆசிட், கில்லர் போட்டு 10 நிமிடம் ஓட்டி, பெராக்சைடு இல்லை என்று உறுதி செய்த பின் டையிங் ஆரம்பிக்கவும்." எங்கே தொடங்குவது?

பதில்:

ஐந்தாவது முறை படிக்காதீர்கள். அந்த வரியைப் படிக்கும்போது அதில் இல்லாத பாதியை உங்கள் நினைவு நிரப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் தப்பு கண்ணில் படவில்லை. மேஜையில் உட்கார்ந்து செய்யும் பரிசீலனையில் எழுத்துப்பிழையும் விட்டுப்போன எண்ணும் அகப்படும், இரண்டு பொருள் தரும் இடம் அகப்படாது. நீங்கள் அனுப்பிய ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதை மெஷின் அருகில் வைத்துப் பிரித்துக் காட்டுகிறேன். மற்ற வரிகளையும் இதே முறையில் நீங்களே பிரித்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். செய்து, எடுத்து, போட்டு, ஓட்டி என்று நான்கு வினையெச்சங்கள் கோத்து வந்து, கடைசியில் ஒரே ஒரு முற்று நிற்கிறது. பேச்சில் இது இயல்பான தமிழ். ஆனால் செய்முறைத் தாளில் வினையெச்சம் சில செய்திகளை விழுங்கிவிடும். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையே எவ்வளவு நேரம், முதல் வேலை முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் என்ன, அது சரியாக முடியாவிட்டால் அடுத்ததைத் தொடலாமா என்ற மூன்றுமே "து"வுக்கும் "டு"வுக்கும் உள்ளே மறைந்துபோகின்றன. எழுவாயும் இல்லை என்பதால், உறுதி செய்ய வேண்டியது ஆபரேட்டரா லேப் ஆளா என்பதையும் அந்த வாக்கியம் சொல்லவில்லை. எந்த எஸ்ஓபி என் கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது, இரண்டுக்கு மேல் வினையெச்சம் உள்ள வரிகளைத்தான். தகராறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இனி ஒவ்வொரு சொல்லாக வருவோம். கணக்குக்காக உங்கள் சாஃப்ட் ஃப்ளோ 250 கிலோ மெஷின் என்றும், ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் என்ற விகிதத்தில் 2,000 லிட்டரில் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்கிறேன்.

"தண்ணீர் எடுத்து" என்றால் எந்தத் தண்ணீர்? பல பட்டறைகளில் இரண்டு வால்வு இருக்கும். ஒன்று பச்சைத் தண்ணீர், மற்றொன்று கூலிங்கில் திரும்பி வந்து சேரும் சுடுநீர்த் தொட்டி. பழைய ஆபரேட்டரின் கை தானாகப் பச்சைத் தண்ணீர் வால்வுக்குப் போகும். புதியவனோ முந்தைய படியில் ஹாட் வாஷுக்குச் சுடுநீர் எடுக்கச் சொல்லிக் கேட்டிருப்பான். இங்கேயும் அதையே திறந்தால், தாளின்படி அவன் செய்தது தவறல்ல. ஆனால் ப்ளீச்சிங்கில் மிஞ்சிய பெராக்சைடை உடைக்க நீங்கள் போடும் கில்லர் கேட்டலேஸ் என்சைமாக இருந்தால், அது உயிர்ப்பொருளிலிருந்து எடுத்தது, சூடு தாங்காது. பெரும்பாலான கில்லர் என்சைம்கள் 40 முதல் 50 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்யும். 60-ஐத் தாண்டினால் செயலிழக்கத் தொடங்கும். சுடுநீரில் விழுந்த கில்லர் தண்ணீரோடு சேர்ந்து ஓடும், பெராக்சைடை உடைக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும்.

"ஆசிட், கில்லர் போட்டு" என்பதில் நடுவே இருக்கும் காற்புள்ளி இன்னும் ஆபத்தானது. ப்ளீச்சிங்கில் காஸ்டிக் போட்டிருக்கிறீர்கள். அலசிய பிறகும் துணிக்குள் காரம் தங்கியிருக்கும். முதலில் அசிடிக் ஆசிட் விட்டு, அது துணியெங்கும் பரவி, பிஎச் ஏழை ஒட்டி வந்த பிறகுதான் என்சைம் போட வேண்டும். காரத்தில் அது மந்தமாகிவிடும். இந்த வரிசையை ஒரு காற்புள்ளி எப்படிச் சொல்லும்? உப்பு, மிளகு போட்டு என்று சமையலில் சொன்னால் இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் வழக்கம். அதே வழக்கப்படி புதியவன் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கி டோசிங் டாங்கில் விட்டிருக்கலாம். அப்படிச் செய்தால் கெட்டியான ஆசிட்டிலேயே என்சைம் கெட்டுவிடும்.

"கில்லர்" என்ற சொல்லையும் விடாதீர்கள். என்சைம் கில்லரும் உண்டு, தயோசல்பேட் போன்ற ஒடுக்கி வகைக் கில்லரும் உண்டு. ஸ்டோரில் இரண்டையுமே கில்லர் என்றுதான் கேட்டு வாங்குவார்கள். இரண்டாவது வகை கொஞ்சம் கூடிப்போனால், மீதம் இருப்பது பிறகு சாயத்தையே தாக்கக்கூடும். உங்கள் ஸ்டோரில் இரண்டும் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். இருந்தால், கேனில் ஒட்டியிருக்கும் முழுப் பெயரைத்தான் எஸ்ஓபியில் எழுத வேண்டும்.

"10 நிமிடம்" எப்போது தொடங்குகிறது? கில்லர் டோசிங் டாங்கில் விழுந்த நேரத்திலிருந்தா, டாங்க் காலியான நேரத்திலிருந்தா, கலந்தபின் துணி ஒரு சுற்று முழுதும் வந்து முடிந்த நேரத்திலிருந்தா? டோசிங்குக்கே 5 நிமிடம் ஆகும் மெஷினில், முதல் அர்த்தத்துக்கும் மூன்றாவது அர்த்தத்துக்கும் இடையே பாதிக்கு மேல் நேரம் குறைந்துவிடும்.

கடைசியாக "உறுதி செய்த பின்". எதை வைத்து உறுதி செய்வது? பெராக்சைடு ஸ்ட்ரிப் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வெள்ளையாகவே இருந்தால் இல்லை, நீலம் வந்தால் இருக்கிறது. ஆனால் ஸ்ட்ரிப்பை எங்கே நனைப்பது என்று தாளில் இல்லை. மெஷின் சாம்பிள் குழாயில் வரும் தண்ணீரில் நனைத்தால் வெள்ளை காட்டலாம். அதே நேரத்தில் துணியைப் பிழிந்து அந்தச் சொட்டில் நனைத்தால் நீலம் காட்டலாம். அதிலும் தண்ணீர் புதிதாக மாற்றிய உடனே பார்த்தால் இந்த வித்தியாசம் இன்னும் கூடுதலாகத் தெரியலாம். சாயத்தைக் கெடுப்பது துணிக்குள் இருக்கும் பெராக்சைடு. அது ரியாக்டிவ் சாயத்தை ஆக்சிஜனேற்றம் செய்து மங்கவைக்கும். துணியில் அது சீராகப் பரவியிருக்காது என்பதால் திட்டுத்திட்டாக மங்கும். நீலம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தாளில் இல்லை. இரவு ஷிஃப்டில் தனியாக நிற்கும் ஒரு மாதத்துப் பையன், நீலம் லேசாக இருந்தால் போதும் என்று தனக்குத் தானே ஒரு விதி செய்துகொள்வான். வேறு வழி அவனுக்கு விடப்படவில்லை.

ஒரே வரியில் இத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன. உங்கள் பையன் இவற்றில் எதில் நுழைந்தான் என்று எனக்குத் தெரியாது. திட்டு விழுவதற்குச் சோடா ஆஷை வேகமாக விட்டதும் தண்ணீரின் கடினத்தன்மையும்கூடக் காரணமாகலாம் என்பதால், அந்த இரண்டு லாட்டின் பேட்ச் கார்டையும் மெஷினின் வெப்பநிலைப் பதிவையும் எடுத்து, கில்லர் விட்ட நேரத்தில் எத்தனை டிகிரி இருந்தது என்று பாருங்கள். 65, 70 என்று இருந்தால் சுடுநீர் வால்வைத் திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது முறைக்கு வருகிறேன். மூன்று பக்கத்திலும் இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிக்க நான் இரண்டு காரியம் செய்வேன். முதலாவது, பழைய ஆபரேட்டர் மூன்று பேரைத் தனித்தனியாக அழைத்து, ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாமல், ஒரே வரியைக் காட்டி, "இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் அண்ணா, முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டு அப்படியே எழுதிக்கொள்வேன். ஒருவர் கில்லரை 10 நிமிடம் ஓட்டுவதாகவும், இன்னொருவர் 20 நிமிடம் என்றும், மூன்றாமவர் "நுரை அடங்குகிற வரைக்கும்" என்றும் சொன்னால், எழுதியிருப்பது ஒரு செய்முறை இல்லை, மூன்று செய்முறைகள் என்று ஆகிறது. பழையவர்களுக்குப் புரிகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதுதான்: ஒவ்வொருவரும் தாளைப் பார்க்காமல் தங்கள் பழக்கத்தில் ஓட்டுகிறார்கள், அந்தப் பழக்கங்கள் தற்செயலாக நல்லவை.

இரண்டாவது, டையிங் தெரியாத ஒருவரை மெஷின் அருகே நிறுத்துவது. ஸ்டோரில் இருப்பவரோ, துணி விரித்துப் பார்க்கும் இன்ஸ்பெக்ஷன் பெண்மணியோ போதும். மெஷின் நின்றிருக்கும் நேரத்தில், கெமிக்கல் எதையும் தொடாமல், தாளைச் சத்தமாக வாசித்து, ஒவ்வொரு சொற்றொடருக்கும் "எதை எடுப்பேன், எங்கிருந்து, எவ்வளவு, எதுவரை, முடிந்தது என்று எப்படித் தெரியும்" என்று விரலால் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக்கூடாது. இது கேட்பதற்கு எளிது, செய்யும்போதுதான் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அவர் தப்பான வால்வைக் காட்டும்போது உங்கள் கை தானாக எழும். எழும் இடத்தில் கையை அடக்கி, தாளின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். அவர் தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கும் இடத்தில் இரண்டு கோடு போடுங்கள். இதை முடித்தபின் அந்தப் பையனையும் கூப்பிட்டு இதே போலக் காட்டச் சொல்லலாம். ஆனால் "ஏன் அப்படிச் செய்தாய்" என்று கேட்காமல் "செய்து காட்டு தம்பி" என்று கேளுங்கள். ஏன் என்று கேட்டால் சமாதானம்தான் வரும்.

எனக்கு இது பாடமாக வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் நான் எழுதிய தாளில், டையிங் பகுதியில் "சோடா 30 கிலோ மூன்று தவணையாகப் போடவும்" என்று இருந்தது. எனக்குச் சோடா என்றால் சோடா ஆஷ். ப்ளீச்சிங் பக்கத்திலிருந்து மாற்றி அனுப்பப்பட்டவருக்குச் சோடா என்றால் காஸ்டிக் சோடா, ஏனென்றால் அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். 2,000 லிட்டரில் 30 கிலோ சோடா ஆஷ் பிஎச்சை 11 அருகே கொண்டுபோகும். அதே எடை காஸ்டிக் 13-ஐத் தாண்டிவிடும். முதல் தவணையிலேயே பிஎச் பார்த்த லேப் பையன் ஓடி வந்ததால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, லாட் மட்டும் போயிற்று. அன்று கோபத்தில் அவரைத்தான் திட்டினேன். மறுநாள் தாளை எடுத்துப் பார்த்தபோது, நான் எழுதியதற்கு அவர் செய்ததும் ஒரு சரியான பொருள்தான் என்று தெரிந்தது. அதிலிருந்து இரண்டு பொருள் உள்ள பெயர்களை நான் தனியாகத் தேடுகிறேன்: சோடா, கில்லர், சோப்பு, சால்ட். சால்ட் என்றால் சாப்பாட்டு உப்பா, கிளாபர் உப்பா? கிளாபர் என்றாலும் நீரற்றதா, படிகமா? படிக கிளாபரின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். 120 கிலோ நீரற்றதற்குச் சமமாக ஏறக்குறைய 270 கிலோ படிகம் வேண்டும். அளவுகளிலும் இதே சிக்கல் உண்டு. "60 சால்ட்" என்று எழுதினால் லிட்டருக்கு 60 கிராம் என்று 120 கிலோவும் எடுக்கலாம், துணி எடையில் 60 சதவீதம் என்று 150 கிலோவும் எடுக்கலாம். ஜிபிஎல்லா சதவீதமா என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்; முடிந்தால் அந்த லாட்டுக்கான கிலோவையே லேப் கணக்கிட்டுக் கார்டில் எழுதிக் கொடுக்கட்டும். ஆபரேட்டர் கணக்குப் போட வேண்டிய அவசியமே இருக்கக்கூடாது.

உங்கள் வரியை நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும். அளவுகளையும் டிகிரியையும் உங்கள் கில்லர் சப்ளையர் தந்த தாளோடு ஒப்பிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

1. வெப்பநிலை 80 டிகிரிக்கு இறங்கியதும் ப்ளீச்சிங் நீரை முழுவதும் வெளியேற்றவும்.
2. பச்சைத் தண்ணீர் வால்வைத் திறந்து 2,000 லிட்டர் எடுத்து 10 நிமிடம் ஓட்டவும். அதையும் வெளியேற்றவும்.
3. மீண்டும் பச்சைத் தண்ணீர் 2,000 லிட்டர் எடுக்கவும். சுடுநீர் எடுக்கக்கூடாது. வெப்பநிலையை 45 டிகிரியில் நிறுத்தவும்.
4. கார்டில் எழுதிய அளவு அசிடிக் ஆசிட்டை மட்டும் தண்ணீரில் கலந்து, டோசிங் டாங்க் வழியாக 5 நிமிடத்தில் விடவும். டாங்க் காலியான பிறகு 10 நிமிடம் ஓட்டவும்.
5. பிஎச் பார்க்கவும். 6.5 முதல் 7.5 வரை இருந்தால் அடுத்த படி. இல்லாவிட்டால் லேபை அழைக்கவும்; கில்லர் போடக்கூடாது.
6. திரையில் 50 டிகிரிக்குக் கீழே இருப்பதைப் பார்த்து, கார்டில் எழுதிய அளவு என்சைம் கில்லரை விடவும். டாங்க் காலியான நேரத்தைக் கார்டில் எழுதவும். அந்த நேரத்திலிருந்து 15 நிமிடம் ஓட்டவும்.
7. மெஷினை நிறுத்தித் துணியை இரண்டு இடத்தில் பிழிந்து, பிழிந்த நீரில் ஸ்ட்ரிப் நனைக்கவும். இரண்டும் வெள்ளையாக இருந்தால் டையிங் ஆரம்பிக்கவும். ஒன்றில் நீலம் தெரிந்தாலும் இன்னும் 10 நிமிடம் ஓட்டி மறுபடி பார்க்கவும். அப்போதும் நீலம் இருந்தால் ஷிஃப்ட் சூப்பர்வைசரை அழைக்கவும். ஆபரேட்டர் தாமாக டையிங் ஆரம்பிக்கக்கூடாது.

ஒரு வரி ஏழாகிவிட்டதே, இந்தக் கணக்கில் மூன்று பக்கம் இருபது பக்கம் ஆகாதா என்று முதலாளி கேட்பார். நியாயமான கேள்விதான்; இருபது பக்கத்தை யாரும் இரவு ஷிஃப்டில் படிக்கமாட்டார்கள். எல்லா வரியையும் இப்படி விரிக்க வேண்டியதில்லை. தப்பாகச் செய்தால் திரும்பச் சரி செய்யமுடியாத படிகளையும், ஆளுக்குக் காயம் வரக்கூடிய படிகளையும் மட்டும் விரியுங்கள்: காஸ்டிக் கரைப்பது, பெராக்சைடு விடுவது, கில்லர், சால்ட்டும் சோடா ஆஷும் விடுவது. காஸ்டிக் கரைக்கும் வரியில் "தண்ணீரும் காஸ்டிக்கும் கலந்து" என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். ஆறிய தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஒரு அலசல் கூடக்குறைய ஆனால் தண்ணீர்தான் வீண் என்ற படிகளை ஒரே வரியில் விட்டுவிடலாம்.

"மெதுவாக", "தேவைப்பட்டால்", "நன்றாக", "போதுமான அளவு" ஆகிய சொற்களை மட்டும் பேனாவால் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடக் கணக்கோ, கண்ணால் பார்க்கும் அடையாளமோ வையுங்கள். அடையாளம் கிடைக்காத சொல் இருந்தால், அந்த முடிவை யார் எடுக்கிறார் என்றாவது எழுதுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத வடமாநிலத் தம்பிகள் அந்த மெஷினில் நிற்கிறார்களா? அப்படியானால் மொழிபெயர்ப்பதற்கு முன்பே வால்வுக்கும் கேனுக்கும் நிறப்பட்டை ஒட்டி, அதே நிறத்தைப் படியின் எண்ணுக்கு அருகில் வையுங்கள். திருத்திய தாளில் தேதியும் பதிப்பு எண்ணும் போட்டு, மெஷின் மீதும் ஸ்டோரிலும் ஆபரேட்டரின் சட்டைப்பையிலும் இருக்கும் பழைய லேமினேஷன் பிரதிகளை எண்ணித் திரும்ப வாங்கிவிடுங்கள். ஒன்று விட்டுப்போனால் அதைத்தான் யாராவது பார்த்து ஓட்டுவார்கள்.

திருத்தம் முடிந்து கையெழுத்தாக இரண்டு வாரம் ஆகும். அதுவரை ஒரு ஏற்பாடு மட்டும் செய்யுங்கள்: ஒவ்வொரு லாட்டிலும் துணியைப் பிழிந்து பார்த்த ஸ்ட்ரிப்பைப் பேட்ச் கார்டில் ஸ்டேப்பிள் செய்து, பார்த்த நேரத்தையும் அப்போதைய டிகிரியையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஸ்ட்ரிப்பின் நிறம் நிற்காது என்பதால், டப்பாவில் உள்ள நிற அளவுகோலோடு ஒப்பிட்ட எண்ணையும் பார்த்த உடனே எழுத வேண்டும்.